கொண்டையை அவிழ்த்துக் கூந்தலாக்க வேண்டும்; பின்னால் இருக்கும் கழுத்தும் தோளும் சரியாக வரவில்லை

கருப்புவெள்ளை (கேள்வி)

வணக்கம். ஒரு சிறிய ஸ்டுடியோவில் டச்சிங் வேலை செய்கிறேன். வாடிக்கையாளர் ஒருவர் தம் படத்தைக் கொடுத்து, அதில் பிடரியில் கட்டியிருக்கும் கொண்டையை எடுத்துவிட்டுக் கூந்தலை அவிழ்த்து விட்டது போல மாற்றித் தரச் சொல்லியிருக்கிறார். 12×18 அங்குலத்தில் அச்சிட வேண்டும். மூலப்படம் 4000×6000 பிக்சல் இருப்பதால் அளவில் குறை இல்லை.

படத்தில் அவர் இடப்பக்கமாகத் திரும்பி நிற்கிறார்; முகம் மட்டும் இடத் தோளுக்கு மேலாக நம்மைப் பார்க்கிறது. கொண்டை சட்டகத்தின் வலப்பக்கம், காதுக்குப் பின்னால் தாழ்வாக இருக்கிறது. அதன் அகலம் ஏறத்தாழ 620 பிக்சல். பிடரியையும், தோள் தொடங்கும் இடத்தையும், ரவிக்கையின் பின்கழுத்து விளிம்பில் பாதியையும் அது மறைத்து நிற்கிறது.

போட்டோஷாப்பில் கொண்டையைத் தேர்வு செய்து Content-Aware Fill கொடுத்தபோது, ரவிக்கையின் ஜரிகைத் துணுக்குகள் கழுத்தின் நடுவே வந்து ஒட்டிக்கொண்டன. பிறகு குளோன் ஸ்டாம்பால் கன்னத்தின் தோலை எடுத்து நிரப்பி, காதுமடலின் அடியிலிருந்து தோள் வரை ஒரு கோடு இழுத்து இணைத்தேன். கழுத்து தூண் போல நிற்கிறது. அதன்மேல் கூந்தலை வரைந்தால் டோப்பா வைத்தது போலத் தெரிகிறது. தவறு கூந்தலிலா, கழுத்திலா என்பதே எனக்குப் பிடிபடவில்லை. என்னிடம் வரைபலகை கிடையாது, மவுஸ் மட்டும்தான்.

வேகப்பதிப்பு

நீங்கள் தேவையில்லாத இடத்தில் உழைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அவிழ்த்த கூந்தல் முதுகில் விழப் போகிறது என்றால் அது பிடரியையும் தோளின் பெரும்பகுதியையும் மூடிவிடும். மூடப் போகும் கழுத்தை எதற்காகக் கட்ட வேண்டும்? கொண்டையையே ஒரு தனி லேயரில் எடுத்து, Edit > Transform > Warp கொடுத்துக் கீழ்நோக்கி நீட்டிவிடுங்கள். நிறமும் ஒளியும் அதே படத்தில் உள்ளவை என்பதால் தாமாகவே பொருந்திவிடும். நான் இரண்டு மூன்று படங்களில் இப்படித்தான் முடித்தேன்.

கூந்தல்வளம்

என் கொண்டையும் அரை மணி நேரம் கூட நிற்காமல் தானாகவே அவிழ்ந்துவிடுகிறது. சற்றே ஈரம் இருக்கும்போது கட்டி, இரண்டு கொண்டை ஊசிகளைக் குறுக்காகக் குத்தினால் நிற்கும் என்று அக்கா சொன்னார். உங்கள் வாடிக்கையாளர் அவிழ்க்கத்தானே சொல்கிறார், மறுபடி ஒரு படம் எடுத்துவிட்டால் என்ன?

கருப்புவெள்ளை

சகோதரி, இது கணினியில் படத்தைத் திருத்தும் வேலை. மறுபடி எடுக்க வழியில்லை. படம் பிடித்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன, அவர் இப்போது முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறார்.

வேகப்பதிப்பு சொன்னபடி நீட்டிப் பார்த்தேன். சுருட்டிய பாயை இழுத்து விட்டது போல இருக்கிறது.

பழைய டச்சிங்காரர்

தம்பி, தவறு இரண்டு இடத்திலும் இருக்கிறது. ஆனால் கழுத்தில் இருக்கும் தவறுதான் கூந்தலையும் கெடுக்கிறது.

வேகப்பதிப்பு கேட்டதில் பாதி நியாயம் உண்டு. மூடப் போகும் தோலை மயிர்க்கண் தெரியும் அளவுக்குச் செய்ய வேண்டியதில்லை. கூந்தலின் முன்விளிம்பு விழும் இடத்திலிருந்து உள்ளே ஒரு கட்டைவிரல் அகலம், உங்கள் படத்தில் நூற்றுப்பத்து பிக்சல் போல, நன்றாகச் செய்தால் போதும். ஆனால் வடிவம் முழுவதும் வேண்டும். கூந்தல் தொங்குவது காற்றில் இல்லை, உடம்பின் மேல். மண்டையின் பின்புறம் எங்கே மிகவும் புடைத்திருக்கிறதோ அந்த இடத்தில் அது தலையை விட்டு விலகி, பிடரிக் குழியைத் தொடாமல் தாண்டி, முதுகில் போய்ப் படும். முன்விளிம்பில் இருக்கும் கொஞ்சம் முடி மட்டும் தோள்மேட்டில் முட்டி, சிறிது முன்னும் மீதி பின்னுமாகப் பிரியும். அந்த மேடு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எந்த இடத்தில் முடியை வளைப்பீர்கள்? தெரியாததால் வளைக்காமல் நேராக விட்டிருப்பீர்கள். டோப்பா போலத் தெரிய அதுவும் ஒரு காரணம்.

இப்போது கழுத்து. காதுமடலையும் தோளையும் நேர்க்கோட்டால் இணைத்ததுதான் தூணாகிவிட்டது. தலையைக் குனிந்து பிடரியைத் தடவிப் பாருங்கள். அடியில் ஓர் எலும்பு முனை கையில் தட்டுப்படும். கோடு மயிர்க்கோட்டிலிருந்து உள்வாங்கி இறங்கி, அந்த முனைக்கு அருகில் வெளியே திரும்பி முதுகாக வேண்டும். பக்கவாட்டில் தோளுக்குப் போகும் தசையின் கோடு வேறு. அதுவும் முதலில் குழிந்து, பிறகுதான் தோள்முனையை நோக்கிச் சரியும். இரண்டையும் பென் கருவியால் தனித்தனிப் பாதைகளாக வரைந்து, தூர நின்று பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே தோலை நிரப்புங்கள். இவர் தலையைத் தோளுக்கு மேல் திருப்பியிருப்பதால் கழுத்தின் பக்கத்தில் மெல்லிய மடிப்பு ஒன்றிரண்டு கட்டாயம் இருக்கும். அதைச் சுத்தம் செய்துவிடாதீர்கள். தலை திரும்பியிருக்கிறது என்று கண்ணுக்குச் சொல்வதே அந்த மடிப்புதான்.

தோலைக் கன்னத்திலிருந்து எடுக்க வேண்டாம். கன்னத்தில் வெளிச்சம் நேராக விழுகிறது, கழுத்து சாய்ந்த தளம். காதுக்குக் கீழே திறந்திருக்கும் கழுத்துப் பட்டையிலிருந்தே எடுங்கள். வெற்று லேயரில், `Sample: Current & Below` என்று வைத்து வேலை செய்யுங்கள்.

கருப்புவெள்ளை

பாதை வரைந்ததும் கழுத்து கழுத்தாகிவிட்டது, நன்றி ஐயா. ஆனால் புதிய சிக்கல் ஒன்று வந்திருக்கிறது. ஹீலிங் பிரஷால் தோலை மென்மையாக்கும்போது மயிர்க்கோட்டுக்கு அருகில் கறுப்பு ஊறி, அழுக்குத் துடைத்த தடம் போலப் பரவுகிறது. தோளில் கொண்டை இருந்த இடத்துக்குக் கீழேயும் ஒரு சாம்பல் நிறத் திட்டு தெரிகிறது. அதைத் தோலின் நிறம் என்றே நினைத்து விட்டுவிட்டேன்.

பழைய டச்சிங்காரர்

ஹீலிங் பிரஷ் இழைநயத்தை மூலத்திலிருந்தும் நிறத்தைச் சுற்றுப்புறத்திலிருந்தும் எடுக்கும். சுற்றுப்புறத்தில் முடி இருந்தால் கறுப்பு வரத்தான் செய்யும். தோல் பகுதியை மட்டும் லாசோவால் தேர்வு செய்துகொண்டு அதற்குள் தீட்டுங்கள். தேர்வுக்கு வெளியே உள்ள நிறம் உள்ளே வராது. விளிம்பிலிருந்து பத்துப் பதினைந்து பிக்சலுக்குக் குளோன் மட்டும் போதும்.

அந்தச் சாம்பல் திட்டு தோலின் நிறம் இல்லை, கொண்டையின் நிழல். பொருளை எடுத்துவிட்டு நிழலை விட்டுவிட்டீர்கள். முதலில் அதை அழியுங்கள்; கூந்தல் வந்த பிறகு கூந்தலின் நிழலைப் புதிதாகப் போட வேண்டும். அதற்கு Multiply லேயரில் கறுப்பைத் தொடாமல், கழுத்தின் நிழல் பகுதியிலிருந்தே எடுத்த செம்பழுப்பைப் பயன்படுத்துங்கள். முடி தோலை ஒட்டும் இடத்தில் நிழல் ஒடுங்கிக் கறுத்தும், விலகும் இடத்தில் அகன்று மங்கியும் இருக்கும்.

நடனத்தாய்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் மகளின் அரங்கேற்றப் படத்தில் ஜடை முன்னால் விழுந்து உடையின் கரையை மறைக்கிறது. இதே முறையில் ஜடையை எடுத்துவிட முடியுமா?

பழைய டச்சிங்காரர்

அம்மா, அது வேறு கணக்கு. தோலை ஊகித்துக் கட்டலாம், நெசவை ஊகிக்க முடியாது. அதே உடையில் வேறொரு படம் இருந்தால் கரையை அதிலிருந்து எடுக்கலாம். தனிக் கேள்வியாகப் படத்துடன் போடுங்கள்.

தம்பி, கூந்தலுக்கு வருகிறேன். டோப்பா போலத் தெரிவதற்கு முதன்மையான காரணம் உச்சியில் இருக்கிறது. கொண்டை கட்டிய தலையில் நெற்றியிலிருந்தும் காதோரத்திலிருந்தும் ஒவ்வொரு முடியும் பிடரியை நோக்கி இழுபட்டுப் படிந்திருக்கும். கீழே கூந்தலைத் தளரவிட்டு மேலே அந்த இழுப்பை அப்படியே வைத்தால் இரண்டும் இரண்டு பேருடைய முடியாகிவிடும். உச்சியை முழுவதும் மாற்றி வரைவது பெரிய வேலை, அதில் முகச்சாயலும் கெடும். எனவே வாடிக்கையாளரிடம் ஒன்று கேளுங்கள்: இரண்டு பக்கமும் கொஞ்சம் முடியெடுத்துப் பின்னால் கிளிப் போட்டு, மீதியைத் தளர விட்டது போல இருந்தால் போதுமா என்று. அப்படியானால் மேலே இருக்கும் இழுப்புக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். தலைவிரி கோலமாகப் படத்தை மாட்டுவானேன் என்று வீட்டுப் பெரியவர்கள் முணுமுணுப்பதும் குறையும். அது உங்கள் வேலை இல்லை, என் அனுபவம்.

கொண்டையை நீட்டியது ஏன் பாய் போல ஆனது என்றால், அதன் மினுக்கம் வட்டத்தைச் சுற்றி வளைந்து ஓடுகிறது. தொங்கும் கூந்தலில் மினுக்கம் குறுக்குப் பட்டையாக, மண்டை வளையும் இடத்தில் ஒரு முறையும் தோளில் மடியும் இடத்தில் ஒரு முறையும் வரும். கொண்டையிலிருந்து நிறத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கருப்புவெள்ளை

கிளிப் போட்டது போல இருக்கலாம் என்று வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டார். மவுஸில் இழை வரைவதுதான் இப்போது பிரச்சினை. ஒரு பிக்சல் பிரஷில் நூற்றுக்கணக்கில் இழுத்தேன். கம்பி போலவும் இருக்கிறது, அச்சில் தெரியவும் இல்லை.

பழைய டச்சிங்காரர்

உங்கள் கணக்குப்படி 620 பிக்சல் கொண்டை ஏறத்தாழ 11 செண்டிமீட்டர் என்றால், செண்டிமீட்டருக்கு 56 பிக்சல். ஒற்றை முடி இந்தப் படத்தில் அரைப் பிக்சலைக்கூட எட்டாது. நீங்கள் முடியை வரைய வேண்டியதில்லை, கற்றையை வரைய வேண்டும். 70 பிக்சல் பிரஷில் எட்டுப் பத்துக் கற்றைகளை நடுத்தரக் கருமையில் விடுங்கள். அவற்றின் இடைவெளிகளை இருட்டாக்குங்கள். பிறகு 7 பிக்சலில் உள்ளோட்டம். கடைசியாக, விளிம்பில் மட்டும் 2, 3 பிக்சலில் சில இழைகள். அவற்றில் நாலைந்து கழுத்தின் மேல் தனியே விலகட்டும். அங்கேதான் நீங்கள் கட்டிய தோல் இழைகளுக்கு நடுவே தெரியும்.

மவுஸுக்கு வழி உண்டு. பென் கருவியால் பாதை இட்டு, பிரஷில் Shape Dynamics-ஐ இயக்கி Size Jitter-க்கு Pen Pressure வைத்து, Stroke Path-இல் `Simulate Pressure` தேர்வு செய்தால் இழை இரு முனையிலும் மெலிந்து வரும். வேர்முனை மெலிந்திருக்கக் கூடாது என்பதால் அதைக் கற்றைக்குள் புதைத்துவிடுங்கள்.

வேகப்பதிப்பு

Warp பற்றி நான் சொன்னது தவறு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கொண்டையில் நேராக ஓடும் சிறு பட்டைகளை வெட்டி, உள்ளோட்டத்துக்கு மேலே வைத்தால் படத்தில் இயல்பாக இருக்கும் மணித்துகள் ஒத்துவருகிறது. வரைந்த முடியில் துகளே இருக்காது.

பழைய டச்சிங்காரர்

அது சரியான யோசனை, நானும் செய்வேன். மீதி இடத்துக்கு 50% சாம்பல் நிரப்பிய லேயரை Overlay-இல் வைத்து, Add Noise கொடுத்து, 100% பெரிதாக்கிப் பக்கத்துத் தோலுடன் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கருப்புவெள்ளை

நேற்று 4×6-இல் சோதனை அச்சு எடுத்தேன். கழுத்தும் தோளும் கேள்வி கேட்கவில்லை. வாடிக்கையாளரின் கண் நேராகக் காதுக்குப் போனது. முடியைத் தளர விட்டால் தமக்குக் காதின் மேற்பாதி மறைந்திருக்கும் என்கிறார். மறைத்தால் ஜிமிக்கியின் மாட்டலும் பாதி மறைகிறது, கிளிப் போட்ட இழுப்புடனும் ஒத்துப்போகவில்லை. இரண்டு இழைகளை மட்டும் காதின் மேல் விட்டுப் பார்த்திருக்கிறேன். திங்கட்கிழமை அவர் வந்து பார்க்க வேண்டும்.