அடிக்குறிப்பும் சொல் கணக்கில் சேருமா? சொல் வரம்பில் உங்களுக்கு நேர்ந்ததைப் பகிருங்கள்

மருதம்

பருவக் கட்டுரைக்கு எங்களுக்குக் கொடுக்கப்பட்ட விதி ஒரே வரிதான்: "2,000 சொற்கள், துணைநூற்பட்டியல் நீங்கலாக, பத்து விழுக்காடு வரை மிகலாம்." அதாவது 2,200 வரை அபராதம் இல்லை. அடிக்குறிப்பைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நான் 2,139 என்று முகப்பில் எழுதிக் கொடுத்தேன். மதிப்பெண் குறைந்து வந்ததால் விரிவுரையாளரைப் பார்க்கச் சென்றேன்.

அவர் என் கோப்பைத் திறந்து, வேர்டின் சொல் எண்ணிக்கைப் பெட்டியில் `Include textboxes, footnotes and endnotes` என்ற கட்டத்தில் குறியிட்டார். 2,573 என்றிருந்த எண் அந்த நொடியே 2,731 ஆனது. முகப்புப் பக்கத்தின் 46 சொற்களையும் பட்டியலின் 388 சொற்களையும் கழித்தால் 2,297 வருகிறது. குறியை எடுத்துவிட்டுக் கழித்தால் நான் எழுதிய 2,139 வருகிறது. ஆக, 158 சொற்கள் கொண்ட அடிக்குறிப்புகளை எந்தப் பக்கம் வைப்பது என்பதுதான் நான் வரம்புக்குள் இருக்கிறேனா வெளியே இருக்கிறேனா என்பதை முடிவு செய்தது. விதி பேசாமல் இருக்கும் இடத்தில் மாணவருக்குச் சாதகமாக எண்ணுவதே முறை என்று நான் இன்றும் கருதுகிறேன். உங்கள் துறைகளில் எப்படி?

மூன்றாம் ஆண்டு சட்டம்

எங்கள் துறையில் ஆஸ்கோலா முறை. சான்றுகள் எல்லாமே அடிக்குறிப்பில்தான் வரும்; சான்று மட்டுமே உள்ள அடிக்குறிப்பு எண்ணப்படாது, விளக்கமோ வாதமோ உள்ள அடிக்குறிப்பு எண்ணப்படும் என்று கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். கேட்பதற்குத் தெளிவாக இருக்கிறது. ஆனால் என் கட்டுரையின் 14ஆம் அடிக்குறிப்பில் வழக்கின் பெயரையும் தொகுப்பின் எண்ணையும் கொடுத்துவிட்டு, "இத்தீர்ப்பின் சிறுபான்மைக் கருத்து இதற்கு மாறானது" என்று ஒரு வாக்கியம் சேர்த்திருந்தேன். திருத்தியவர் அந்த வாக்கியத்தை மட்டும் கோடிட்டு, "இது சான்று அன்று, வாதம்" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். எனக்கு அது சான்றின் ஒரு பகுதியாகவே பட்டது. மாறான கருத்து இருப்பதைச் சொல்லாமல் தீர்ப்பை மட்டும் காட்டினால் படிப்பவரைத் தவறாக வழிநடத்தியதாகாதா? அபராதம் விழவில்லை என்றாலும், அந்தக் கோடு எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஏழாம் பதிப்பு

இதில் விவாதத்திற்கே இடமில்லை. ஏபிஏ கையேட்டின் ஏழாம் பதிப்பு, தொடக்கம் முதல் முடிவு வரை ஒவ்வொரு சொல்லையும் எண்ணச் சொல்கிறது: உரைக்குள் வரும் சான்று, துணைநூற்பட்டியல், அட்டவணை, பின்னிணைப்பு எல்லாமே அடக்கம். ஏபிஏ முறையில் எழுதச் சொன்னால் ஏபிஏ முறையில்தான் எண்ண வேண்டும். துணைநூற்பட்டியலை நீக்கி எண்ணுபவர்கள் அனைவரும் விதியைத் தளர்த்திக்கொள்கிறார்கள் என்பது என் உறுதியான கருத்து. எங்கள் துறையில் ஒரு விரிவுரையாளர் இப்படித்தான் எண்ணினார். வகுப்பில் பாதிப் பேருக்கு மதிப்பெண் குறைந்தது.

சிவப்பு மை

பல ஆண்டுகளாகக் கட்டுரைகளைத் திருத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன். மேலே எழுதியவர் கையேட்டைச் சரியாகவே படித்திருக்கிறார். ஆனால் அந்த அறிவுரை, ஆய்விதழோ நிறுவனமோ எண்ணும் முறையைச் சொல்லாமல் விட்டபோது கைக்கொள்வதற்கானது. ஒப்படைப்பைக் கொடுத்தவர் "பட்டியல் நீங்கலாக" என்று எழுதிவிட்டால் அவர் சொல்லே இறுதி. சான்று காட்டும் முறை ஒன்று, சொல்லை எண்ணும் விதி வேறொன்று. முதலாவதைத் தேர்ந்ததனால் இரண்டாவது தானாகக் கூடவே வந்துவிடாது.

பட்டியலைக் காட்டிலும் பெரிய சிக்கல் உரைக்குள் அடைப்புக்குறியில் வரும் சான்றுகளில் இருக்கிறது. வேர்டு இடைவெளியைப் பார்த்துத்தான் எண்ணுகிறது. "(குமார், செல்வி & ராஜன், 2018, ப. 45)" என்று எழுதினால் அது ஏழு சொற்கள்; "&" என்ற குறியும், "ப." என்ற சுருக்கமும் தனித்தனிச் சொற்களாகவே சேரும். இதையே எண் முறையில் "[4]" என்று எழுதினால் ஒரு சொல். முந்தைய சொல்லோடு ஒட்டிய மேலெண்ணாக இட்டால் எதுவுமே கூடாது. முப்பது சான்றுகள் உள்ள ஒரு கட்டுரையில் இந்த வேறுபாடு நூறு சொற்களை எளிதில் தாண்டிவிடும். 2009இல் வந்த ஆறாம் பதிப்பில் மூன்று முதல் ஐந்து ஆசிரியர்கள் இருந்தால் முதல் முறை எல்லாப் பெயர்களையும் எழுத வேண்டியிருந்தது. ஏழாம் பதிப்பு முதல் முறையிலிருந்தே "குமார் மற்றும் பிறர்" என்று சுருக்க இடம் கொடுத்ததனால் இந்தச் சுமை ஓரளவு குறைந்திருக்கிறது.

சான்றுகளைக் கணக்கிலிருந்து நீக்கலாம் என்று சொல்லும் துறைகளும் உண்டு. அங்கே மாணவர்கள் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. "விளைச்சல் குறைந்தது (குமார், 2018)" என்பதில் அடைப்புக்குள் இருக்கும் இரண்டு சொற்களையும் கழிக்கலாம். "குமார் (2018) விளைச்சல் குறைந்ததாகக் காட்டுகிறார்" என்பதிலோ குமார் வாக்கியத்தின் எழுவாய். பெயரை எடுத்துவிட்டால் வாக்கியமே நிற்காது, ஆகவே ஆண்டு ஒன்றைத்தான் கழிக்க முடியும். ஒரு மாணவி இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக் கழித்திருந்ததை நான் கண்டது, அவர் முகப்பில் எழுதிய எண்ணுக்கும் என் எண்ணுக்கும் இடையே இருந்த இடைவெளியைத் தேடிப் போனபோதுதான்.

அடைப்புக்குள் உள்ளவற்றை மட்டும் எண்ண, வேர்டின் விரிவான தேடலில் `Use wildcards` என்பதைத் தேர்ந்து பின்வருவதை இட்டு, `Find In` வழியாக முதன்மை உரை முழுவதையும் தேடச் செய்யுங்கள்.

```
\([!\)]@\)
```

அடைப்புக்குறிக்குள் உள்ளவை எல்லாம் ஒருசேரத் தெரிவாகி, கீழ்ப்பட்டையில் அவற்றின் எண்ணிக்கை தெரியும். சான்று அல்லாத அடைப்புக்குறிகளும் இதில் சிக்கும் என்பதால் அவற்றை நீங்களே பார்த்துக் கழிக்க வேண்டும்.

மருதம், உங்கள் 158 சொற்களைப் பற்றி: ஆசிரியரும் ஆண்டும் உரைக்குள்ளேயே வந்துவிடும் முறையில் அடிக்குறிப்புக்குச் சான்று சொல்லும் வேலை இல்லை, அங்கே வருவது பெரும்பாலும் விளக்கம்தான். விளக்கத்தை எண்ணாமல் விட்டால், வரம்பை மீறிய பத்திகள் எல்லாம் பக்கத்தின் அடிக்கு இறங்கிவிடும். உங்கள் விரிவுரையாளரின் முடிவு எனக்கு நியாயமாகவே தோன்றுகிறது. அதை அவர் முன்கூட்டியே எழுதாமல் விட்டது நியாயமன்று.

கார்த்திகை

இவ்வளவு கணக்கு எதற்கு என்று புரியவில்லை. டர்னிட்டின் அறிக்கையில் மேற்கோள்களையும் துணைநூற்பட்டியலையும் விலக்கும் வசதி இருக்கிறதே. என் கட்டுரைக்கு முதலில் 31 விழுக்காடு காட்டியது. அந்த இரண்டையும் விலக்கியதும் 9 விழுக்காடு ஆகிவிட்டது. விரிவுரையாளர் ஏற்றுக்கொண்டார். நீங்களும் அப்படியே செய்யலாம்.

மருதம்

கார்த்திகை, நீங்கள் சொல்வது பிற மூலங்களோடு ஒத்துப்போகும் அளவு. அந்த வசதி ஒப்புமை விழுக்காட்டைத்தான் மாற்றும். கட்டுரையின் சொல் எண்ணிக்கையை மாற்றாது. டர்னிட்டின் காட்டும் சொல் எண்ணிக்கை, பதிவேற்றிய கோப்பில் முகப்பு முதல் பட்டியல் வரை உள்ள அனைத்தையும் சேர்த்தது. திருத்துபவர் அந்த எண்ணை மட்டும் பார்த்தால் வரம்புக்குள் எழுதிய எவரும் மீறியவராகவே தெரிவார்.

ஆவணக் காப்பகம்

நான் வரலாறு படித்தேன். என்னை உறுத்துவது தனிப்பத்தியாக உள்தள்ளி எழுதும் நீண்ட மேற்கோள். மூல ஆவணத்திலிருந்து 112 சொற்களை அப்படியே எடுத்துக் காட்டி, அதன் நடையையும் அதில் விடுபட்டிருப்பதையும் ஆராய்வதே அந்த ஒப்படைப்பின் நோக்கம். "நாற்பது சொற்களுக்கு மேற்பட்ட மேற்கோள்கள் கணக்கில் சேரா" என்று ஒரு விரிவுரையாளர் சொல்லியிருந்தார். அடுத்த பருவத்தில் அதே வகைக் கட்டுரைக்கு வேறொருவர், "மேற்கோளும் நீங்கள் தேர்ந்து வைத்த சொற்கள்தானே" என்று முழுவதையும் எண்ணினார். அவர் என் மேற்கோளின் மேல் பென்சிலால் ஒரு கட்டம் வரைந்து உள்ளே 112 என்று எழுதியது இன்னும் கண்முன் நிற்கிறது.

சிவப்பு மை அவர்களுக்கு ஒரு கேள்வி. விளக்க அடிக்குறிப்பை விலக்கினால் வாதம் அடிக்கு இறங்கிவிடும் என்கிறீர்கள். நீண்ட மேற்கோளை விலக்கினாலும் அதே ஆபத்து உண்டு: முப்பத்தைந்து சொற்களில் முடியும் மேற்கோளை, விலக்குப் பெறுவதற்காகவே நாற்பதைத் தாண்ட நீட்டுவார்கள். அப்படியானால் மேற்கோளையும் எண்ணத்தான் வேண்டுமா? மூலத்தை முழுமையாகக் காட்டும் மாணவருக்கு அது தண்டனையாகாதா?

சிவப்பு மை

நீட்டுவதை நான் கண்டிருக்கிறேன். நாற்பது என்ற எல்லை ஏபிஏ முறையில் மேற்கோளைத் தனிப்பத்தியாக உள்தள்ளுவதற்காக வகுக்கப்பட்டது; எண்ணாமல் விடுவதற்கு அது நல்ல எல்லை ஆகாது. ஆவணத்தைப் பின்னிணைப்பில் முழுமையாகக் கொடுத்து, பின்னிணைப்பை எண்ணாமல் விடுவது மேல் என்று நான் நினைக்கிறேன்; என் துறையிலேயே இதை ஏற்காதவர்கள் இருக்கிறார்கள்.

திட்டமிடுபவர்

எனக்கு நேர்ந்தது சிறியது: இருவர் சேர்ந்து எழுதிய கட்டுரையை நான் வேர்டிலும் என் இணையர் கூகுள் டாக்ஸிலும் எண்ணினோம், இரண்டு எண்கள் வந்தன. கூகுள் டாக்ஸ் அடிக்குறிப்புகளை எண்ணுவதில்லை என்பதே காரணம்.

இனி எழுதப்போகிறவர்களுக்குச் சொல்ல விரும்புவது இது. எழுதத் தொடங்கும் முன்பே விரிவுரையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பி, உரைக்குள் வரும் சான்று, விளக்க அடிக்குறிப்பு, தனிப்பத்தி மேற்கோள், அட்டவணை ஆகியவற்றில் எவை சேரும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், "எல்லாம் சேருமா?" என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகவே வரும். வகுப்பில் வாய்மொழியாகப் பெற்ற பதிலை நம்பாதீர்கள். திருத்துபவர் வேறொருவராக இருக்கலாம். முகப்பில் ஒரே எண்ணாக எழுதாமல், "உரை 2,139, அடிக்குறிப்பு 158, பட்டியல் 388" என்று பிரித்து எழுதுங்கள். அப்போது திருத்துபவர் தமக்குரிய விதிப்படி கூட்டிக்கொள்வார். நீங்கள் எதையும் மறைத்ததாக எவரும் சொல்ல இயலாது. துணைநூற்பட்டியலையும் பின்னிணைப்பையும் தனிப் பக்கத்தில் தொடங்குங்கள். உரையை மட்டும் தெரிவுசெய்து எண்ணுவது எளிதாகும். பதில் கிடைக்காவிட்டால் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணி வரம்புக்குள் நில்லுங்கள்.

மூன்றாம் ஆண்டு சட்டம்

கடைசி அறிவுரை எங்களுக்குப் பொருந்தாது. ஆஸ்கோலா கட்டுரையில் எல்லா அடிக்குறிப்புகளையும் சேர்த்து எண்ணி வரம்புக்குள் நின்றால், வாதத்திற்கு இருக்கும் இடத்தில் பெரும்பங்கு வழக்குகளின் பெயர்களுக்கே போய்விடும்; சான்றுகளைக் குறைத்தால் அதற்கும் மதிப்பெண் குறையும்.

மருதம்

இன்று எழுத்தில் கேட்டேன், பதிலும் வந்துவிட்டது. அடுத்த ஒப்படைப்பில் விளக்க அடிக்குறிப்புகள் சேரும், அட்டவணைக்குள் இருக்கும் சொற்கள் சேரா என்கிறார். பழைய மதிப்பெண் மாறாது. தனிப்பத்தி மேற்கோளைப் பற்றியும் கேட்டிருந்தேன். அதற்கு மட்டும் "அளவோடு இருந்தால் சிக்கல் இல்லை" என்று எழுதியிருக்கிறார். இதை எப்படி எண்ணுவது என்று ஆவணக் காப்பகம் போன்றவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.