ஸூம் நேர்காணல் முடிந்து 9 நாள்: பேராசிரியருக்கு எழுதலாமா?

கிளமெண்டி கயல்: சிங்கப்பூரில் கணவருக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ், எனக்கு டிபெண்டன்ட் பாஸ். கோவையில் எம்.டெக். முடித்தேன். போன வாரம் செவ்வாய்க்கிழமை இங்கே ஒரு பேராசிரியர், ஆய்வு உதவியாளர் வேலைக்கு ஸூமில் 40 நிமிடம் பேசினார். ஆய்வேட்டுக்கு எழுதிய நிரலை அனுப்பச் சொன்னார், "இரண்டு வாரத்தில் சொல்கிறேன்" என்றார். நிரலில் குறிப்புகள் சரியாக இல்லை, அதைத் திருத்திவிட்டு அனுப்பலாம் என்று இன்னும் அனுப்பவில்லை. இப்போது எழுதினால் நச்சரிப்பது போல இருக்குமா?

பூன்லே ராஜா: இரண்டு வாரம் என்றால் இரண்டு வாரம்தான், காத்திருங்கள். நான் பிஎச்.டி.க்கு விண்ணப்பித்தபோது நான்கு மாதம் ஒரு பதிலும் இல்லை, கடைசியில் இடம் கிடைத்தது.

செந்தில் (முன்னாள் ஆய்வக மேலாளர்): ராஜா, பிஎச்.டி. சேர்க்கை குழு கூடி முடிவெடுப்பது. இது ஒரு பேராசிரியர் தன் ஆய்வு நிதியில் ஆள் எடுப்பது, இரண்டும் ஒன்றல்ல.

கயல், நீங்கள் பதிலுக்குக் காத்திருப்பதாக நினைக்கிறீர்கள். அவர் உங்கள் நிரலுக்குக் காத்திருக்கிறார். ஆய்வகத்தில் ஏழு ஆண்டு இருந்தேன், இப்படி நின்றுபோன பேச்சுகள் எத்தனையோ. கேட்டதைக் கொடுப்பது நச்சரிப்பு ஆகாது, இன்றிரவே அனுப்புங்கள். குறிப்புகள் அரைகுறையாக இருந்தால் பரவாயில்லை. எந்தக் கோப்பை முதலில் திறக்க வேண்டும், எப்படி ஓட்ட வேண்டும் என்று இரண்டு வரி போதும். புது மின்னஞ்சல் வேண்டாம். நேர்காணல் நேரம் குறித்த அதே மின்னஞ்சலுக்கே ரிப்ளை செய்யுங்கள். ஒரு நாளைக்கு நூறு மின்னஞ்சல் பார்க்கிறவருக்கு நீங்கள் யார் என்று நினைவு வர அதுதான் வழி.

கடைசியில் பாஸ் பற்றி ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

உட்லண்ட்ஸ் உமா: டிபெண்டன்ட் பாஸ் என்றால் கவலையே இல்லை கயல். லெட்டர் ஆஃப் கன்சென்ட் வாங்கினால் போதும், என் அண்ணி அப்படித்தான் பள்ளியில் வேலை பார்த்தார்.

செந்தில்: உமா அக்கா, அது முன்பு சரி. 2021 மே மாதத்திலிருந்து டிபெண்டன்ட் பாஸில் இருப்பவர் வேலைக்குப் போக அவருக்கே தனி வேலை பாஸ் வேண்டும். சொந்தத் தொழில் நடத்துகிறவர்களுக்குத்தான் விலக்கு. சிக்கல் என்னவென்றால் பல பேராசிரியர்களும் அக்கா மாதிரியே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "இங்கேயே இருக்கிறாள், அடுத்த வாரமே வரலாம்" என்று கணக்குப் போடுவார், மனிதவளப் பிரிவு முடியாது என்று சொன்னதும் ஒரு மாதம் போய்விடும்.

ஆகவே இப்படி எழுதுங்கள்: நான் சிங்கப்பூரிலேயே இருக்கிறேன், டிபெண்டன்ட் பாஸில் வேலை செய்ய முடியாது, பல்கலைக்கழகம் எனக்காகத் தனியே விண்ணப்பிக்க வேண்டும், அனுமதி வந்த ஒரு வாரத்தில் சேர முடியும். அவ்வளவுதான். சம்பளம் பற்றி இந்த மின்னஞ்சலில் பேச வேண்டாம்.

கிளமெண்டி கயல்: சம்பளம்தான் என் பயமே. எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குக் குறைந்தது 5,600 வெள்ளி என்கிறார்களே?

செந்தில்: ஆமாம், 2025 ஜனவரியிலிருந்து அதுதான் அடிமட்டம், வயது கூடக் கூட அதுவும் ஏறும். உங்களுக்குத் தரும் சம்பளம் அதை எட்டவில்லை என்றால் எஸ் பாஸ், அதற்கு நிறுவனத்துக்குள் ஒதுக்கீடு இருக்க வேண்டும். அதைப் பேராசிரியரிடம் கேட்டுப் பயனில்லை, மனிதவளப் பிரிவுதான் சொல்லும்.

இரண்டு வாரம் முடிந்து மேலும் இரண்டு வேலை நாள் போயும் பதில் இல்லையென்றால், அதே ரிப்ளையில் மூன்று வரி. பத்து நாள் கழித்து இன்னொன்று. அதோடு நிறுத்துங்கள், வேறு இடம் பாருங்கள்.

பூன்லே ராஜா: நேரில் அலுவலகத்துக்கே போய்ப் பார்த்தால் என்ன? இங்கேதானே இருக்கிறார்?

உட்லண்ட்ஸ் உமா: ஐயோ தம்பி, வேண்டாம்!

செந்தில்: எனக்கும் பிடிக்காது. ஆனால் ஒருவர் கருத்தரங்கில் பேராசிரியரைச் சந்தித்து வேலை வாங்கியதையும் பார்த்திருக்கிறேன். அழைப்பில்லாமல் கதவைத் தட்டுவது வேறு, பொதுக் கருத்தரங்குக்குப் போவது வேறு.

கிளமெண்டி கயல்: நேற்றிரவு அனுப்பினேன். காலையில் பதில் வந்துவிட்டது. "நிரல் நன்று. பாஸ் விவரம் சொன்னதற்கு நன்றி. மனிதவளப் பிரிவு தொடர்பு கொள்ளும். அதற்குள் வாராந்தரக் கூட்டத்துக்கு வந்து தரவைப் பார்க்கத் தொடங்கலாமே" என்கிறார். கிடைத்த மாதிரிதானே?

செந்தில்: ஒரு பாதி நல்ல செய்தி. தரவைப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். சம்பளம் தராவிட்டாலும் அது வேலைதான், பாஸ் இல்லாமல் மாட்டினால் உங்கள் தலையிலும் விழும். "அனுமதி வந்ததும் உடனே தொடங்குகிறேன், அதுவரை படிக்கக் கட்டுரைகள் இருந்தால் அனுப்புங்கள்" என்று எழுதுங்கள். சும்மா கூட்டத்தில் உட்கார்ந்து கேட்கலாமா என்பதை மனிதவளப் பிரிவிடம் கேளுங்கள், நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. பொதுவாக எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு விண்ணப்பிக்கும் முன் வேலையை MyCareersFuture தளத்தில் குறைந்தது 14 நாள் விளம்பரம் செய்ய வேண்டும். அந்த வேலை அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், எந்தத் தேதியில் போட்டிருக்கிறார்கள்?

கிளமெண்டி கயல்: தேடிப் பார்த்தேன், இல்லையே அண்ணா. வேறு தலைப்பில் போட்டிருப்பார்களோ?