‘போவோம்’ எந்தக் காலம்? ஒரு பெயர் வேண்டும்

மொழிபெயர்ப்பவர்:
தஞ்சைப் பக்கத்துக் கிராமத்தில் 1950களின் தொடக்கத்தில் வாத்தியாராக இருந்த பெரியவரின் நினைவுக் குறிப்புகளை ஆங்கிலமாக்கி வருகிறேன். அவர் எழுதுகிறார்: ‘ஆற்றில் குளித்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போவோம். சட்டாம்பிள்ளை மணலைப் பரப்பி வைத்திருப்பான். சம்பளத்தன்று இரண்டணாவுக்குப் பொரிகடலை வாங்கிக் கொடுப்பேன்.’ எல்லாம் எதிர்கால வினை, நடந்ததோ பழைய காலத்தில். அசைபோட்டுச் சொல்லும் அந்தத் தொனியே இந்த வினைகளில்தான் இருக்கிறது. இந்தப் பயன்பாட்டை ‘நினைவுக்காலம்’ எனலாமா?

ஓய்வுபெற்ற ஆசிரியை:
தன்வரலாறு என்ற நல்ல சொல் இருக்கிறதே தம்பி? என் அப்பாவும் திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதிப் படித்தவர்தான். சாகும்வரை ‘போவோம், வருவோம்’ என்றுதான் கதை சொல்வார்.

மொழிபெயர்ப்பவர்:
அம்மா, நூல்வகைக்கு அல்ல, அந்தப் ‘போவோம்’ என்ற வினைக்குத்தான் பெயர் தேடுகிறேன்.

பதிப்புத் துறை நண்பர்:
எல்லா இடத்திலும் ‘வுட்’ போட்டால் முடிந்தது. இரண்டணாவை 12½ காசு என்று மாற்றிவிடுங்கள், இளைஞர்களுக்குப் புரியும்.

இலக்கண ஆசிரியர்:
‘வுட்’ பாதி சரி. ‘போவோம்’ போன்ற செயலுக்குப் பொருந்தும். ‘அவருக்குக் குடுமி இருக்கும்’ என்பது நிலை. அங்கே ‘யூஸ்ட் டு’ அல்லது வெறும் இறந்தகாலம்தான் வரும். ‘எனக்கு அப்போது பத்து வயது இருக்கும்’ என்றால் வழக்கமே இல்லை, உத்தேசம். மூன்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் பெரியவர் சொன்னது மாறிவிடும்.

இன்னொன்று. ‘ஒருநாள் மணல்தட்டு உடைந்தது’ என்று அவர் சட்டென இறந்தகாலத்துக்கு வந்தால், அங்கே ஒரு சம்பவம் தொடங்குகிறது. அந்தத் திருப்பம் ஆங்கிலத்திலும் கேட்க வேண்டும். பத்தியின் முதல் வரியில் ‘யூஸ்ட் டு’, அடுத்து ஓரிரு ‘வுட்’, பிறகு சாதாரண இறந்தகாலம் என்று போங்கள். வரிக்கு வரி ‘வுட்’ வந்தால் படிப்பவர் அலுத்துப்போவார்.

காசுக் கணக்கு சரிதான். ஆனால் நூறு காசு முறை 1957 ஏப்ரலில்தான் வந்தது. அதற்கு முன் சம்பளம் வாங்கியவர் கையில் 12½ காசு எப்படி வரும்? அணாவாகவே விடுங்கள். ‘ரூபாய்க்குப் பதினாறு அணா’ என்பதை முதன்முறை வரும் வரியிலேயே கலந்துவிடலாம்.

பெயருக்கு வருகிறேன். இயல்பு காரணமாகக் காலம் பிறழலாம் என்று நன்னூலே இடம் தருகிறது, கால வழுவமைதி என்கிறோம். ஆனால் அது பல பிறழ்ச்சிகளுக்குப் பொதுவான பெயர். ‘நினைவுக்காலம்’ வேண்டாம், ‘தினமும் காபி குடிப்பேன்’ என்பதும் இதே வடிவம்தான், அதில் நினைவு எங்கே? ‘வழமை இறந்தகாலம்’ எனலாம்.

ஆசிரியை:
‘வழமை’ இலங்கையில் புழங்கும் சொல். இங்கே ‘வழக்கம்’தானே சொல்கிறோம்?

இலக்கண ஆசிரியர்:
‘வழக்கு’ என்றால் பேச்சுவழக்கு என்று நினைத்துவிடுவார்களே என்றுதான்.

மொழிபெயர்ப்பவர்:
‘பழகிய இறந்தகாலம்’?

இலக்கண ஆசிரியர்:
‘பழகிய’ காலத்துக்கு அடையாகிவிடுகிறது, பழகியது செயல் அல்லவா? இன்னும் யோசிப்போம். அதுவரை முன்னுரையில் ‘வழமை’ என்றே வைத்துக்கொள்ளுங்கள்.