டெர்மினல் வேல்யூ: தமிழில் என்ன சொல்லலாம்?

மொழிபெயர்ப்பாளர், சூரமங்கலம்:
ஒரு சேகோ ஆலையின் மதிப்பீட்டு அறிக்கையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். டெர்மினல் வேல்யூவுக்கு 'இறுதி மதிப்பு' என்று போட்டேன். ஆலையின் மதிப்பில் முக்கால்வாசிக்கு நெருக்கமாக அதுவே வருகிறது. கடைசியில் கிடைப்பது எப்படி இவ்வளவு பெரிதாக இருக்கும்?

ஆலைக்காரர், ஆத்தூர்:
'எச்ச மதிப்பு' சரியாக வரும். பாய்லர், அரவை மெஷின் எல்லாம் ஓடித் தேய்ந்த பிறகு விற்றால் கிடைப்பதுதானே?

ஆடிட்டர், அஸ்தம்பட்டி:
அண்ணா, நீங்கள் சொல்வது ஆலையை மூடினால் பொருந்தும். இங்கே ஆலை மூடப்படுவதில்லை, நம் கணிப்புதான் 5 வருடத்தோடு நிற்கிறது. 6-ஆம் வருடம் முதல் வரப்போகும் பணம் முழுவதையும் ஒரே தொகையாக்குகிறோம்.

செலவெல்லாம் போக அடுத்த வருடம் 1 கோடி மிஞ்சுகிறது, அது ஆண்டுக்கு 5% வளர்கிறது, பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துப் பார்க்கும் தள்ளுபடி விகிதம் 12% என்று வையுங்கள். முதல் 5 வருடப் பணத்தின் இன்றைய மதிப்பு ஏறக்குறைய 3.94 கோடி. அதற்குப் பிறகு வருவதெல்லாம் சேர்ந்து 10.35 கோடி. மொத்தத்தில் 72%.

இதே கணக்கில் 10 வருடம் கணித்துப் பாருங்கள். மொத்தம் அதே 14.29 கோடிதான், பின்பகுதியின் பங்கு மட்டும் 52% ஆகிவிடும். கோட்டை எங்கே கிழிக்கிறோம் என்பதைப் பொறுத்ததுதான் அந்தப் பங்கு. அதனால் 'இறுதி' என்ற சொல் எனக்கு ஒட்டவில்லை. 'தொடர் மதிப்பு' என்று வைக்கலாம்.

எஸ்டேட்காரர், ஏற்காடு:
எங்கள் காபித் தோட்டத்தை அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கிறோம். தொடர் மதிப்போடு நில விலையையும் கூட்டிக்கொள்ளலாமா? சில்வர் ஓக் மரங்களே நல்ல விலை போகும்.

ஆடிட்டர், அஸ்தம்பட்டி:
கூட்டினால் இரட்டைக் கணக்கு. காபி, மிளகு வருமானம் என்றென்றும் வரும் என்று எடுத்தபோதே அந்த நிலம் உள்ளே வந்துவிட்டது. ஒன்று விவசாயக் கணக்கு, இல்லை விற்பனை விலை. பாகப்பிரிவினைக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் கேட்பார்கள்.

ஆலைக்காரர், ஆத்தூர்:
சரி, 5 வருடத்துக்கு அப்புறம் 6% வளரும் என்று போட்டால்?

ஆடிட்டர், அஸ்தம்பட்டி:
மொத்தம் 16.12 கோடிக்கு ஏறும். ஒரே ஒரு புள்ளிக்கு 1.8 கோடிக்கு மேல் கூடுகிறது! விற்பவர்கள் கை வைக்கும் இடம் இதுதான். வளர்ச்சி சும்மா வராது; கூடுதலாகக் கிழங்கு அரைக்க உலர்களமும் தொட்டியும் வேண்டும். அந்த முதலீட்டைக் கழிக்காமல் சதவீதத்தை மட்டும் ஏற்றியிருந்தால் அறிக்கையை நம்பாதீர்கள். பொருளாதாரத்தையே மிஞ்சி ஒரு ஆலை முடிவில்லாமல் வளர்ந்துகொண்டே இருக்கவும் முடியாது.

மொழிபெயர்ப்பாளர், சூரமங்கலம்:
'தொடர் மதிப்பு' என்றால் வரிசை எண் போலக் கேட்கிறது. 'தொடர்ச்சி மதிப்பு' எப்படி? அப்புறம், குத்தகை முடிந்ததும் மூடப்போகும் குவாரிக்கு என்ன எழுதுவது?

ஆலைக்காரர், ஆத்தூர்:
அதற்காவது என் 'எச்ச மதிப்'பை விட்டுவையுங்கள்.