கூலி பாக்கிச் செய்தி: இந்தி எழுத்துத் தொகையைச் சரிபார்த்துத் தர முடியுமா?

வணக்கம். இந்தி பேசும் டைல்ஸ் வேலைக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப, தமிழில் எழுதிய ஒரு செய்தியை இந்திக்கு மாற்ற வேண்டும். கணக்கு இது: மொத்தக் கூலி ரூ.47,500, கொடுத்த முன்பணம் ரூ.15,000, பாக்கி ரூ.32,500.

மூன்று தொகையையும் எண்ணிலும் எழுத்திலும் போடுகிறோம். பாக்கியை மட்டும் எழுத்தில் போட்டால், முன்பணம் எவ்வளவு என்பதில்தான் பிறகு சண்டை வரும். எண்ணில் ஒரு சைபர் விட்டுப்போனாலும் எழுத்து காட்டிக்கொடுத்துவிடும். காசோலையில் எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்துதான் செல்லும் என்று 1881ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. வாட்ஸ்அப் செய்திக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதனால் செய்தியின் கீழே, "எண்ணும் எழுத்தும் ஒத்துப்போகாவிட்டால் வாங்குமுன் கேளுங்கள்" என்று ஒரு வரி சேர்க்கிறோம்.

சிக்கல் எழுத்தில்தான். பேச்சில் 32,500ஐ 'சாடே பத்தீஸ் ஹஸார்' என்பார்கள். 'கூட அரை' என்று பொருள்படும் 'சாடே' காதில் விழாவிட்டால் 500 ரூபாய் போச்சு. அதனால் 'பத்தீஸ் ஹஸார் பாஞ்ச் சௌ' என்று விரித்தே எழுதியிருக்கிறோம். 79க்கு 'உன்னாசி', 89க்கு 'நவாசி' என்பதும் நம்மவர்களை அடிக்கடி கவிழ்க்கும். 79இல் 9ஐப் பார்த்ததும் 'நவாசி'யை எழுதிவிடுவார்கள்.

இந்தி தாய்மொழிக்காரர் யாராவது, எண்ணைப் பார்க்காமல் எழுத்தை மட்டும் படித்து, மூன்று தொகையையும் எண்ணில் திருப்பி எழுதி அனுப்புவீர்களா? 47,500க்கு 'சைந்தாலீஸ் ஹஸார் பாஞ்ச் சௌ' சரிதானா?