புதுப்பிப்பு: நின்றிருந்த மாதவிடாய் திரும்ப வந்தது

நான் கேட்டிருந்தது: "அம்மாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியதிலிருந்து 4 மாதமாக எனக்கு பீரியட்ஸ் இல்லை. கர்ப்பமும் இல்லை. சினைப்பையில் கோளாறா?"

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. எல்.எச்., எஸ்ட்ரடயால், புரோலாக்டின், தைராய்டு ஹார்மோன்களைப் பார்க்கச் சொன்ன நர்ஸ் அக்கா சொன்னதுதான் சரியாக இருந்தது. பின்னிரண்டும் இயல்பு, முன்னிரண்டும் குறைவு. மூளையில் இருக்கும் ஹைப்போதலாமஸ் ஒன்றரை மணிக்கொரு தடவை போல அனுப்பும் சமிக்ஞை, நீண்ட மன அழுத்தத்தில் மந்தமாகிவிட்டதாம். அது வராமல் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்.சைப் போதுமான அளவு விடாது, கருமுட்டையும் முதிராது. சினைப்பை நன்றாகவே இருக்கிறது.

மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் பார்க்கச் சொன்ன தம்பி சொன்னது பாதி சரி. பார்த்தேன், இயல்பாகத்தான் இருந்தது. ஒரு காலை ரத்தம் மாதக்கணக்கான அழுத்தத்தைக் காட்டாது என்றார் டாக்டர். தன் பிசிஓஎஸ் மாத்திரையைச் சொன்ன தோழிக்கு: உங்கள் பிரச்சினை வேறு, அதனால் நான் அதைப் போடவில்லை.

அப்புறம் இரவுக் காவலை அண்ணனோடு பிரித்துக்கொண்டேன், விட்டிருந்த காலைச் சாப்பாட்டையும் தொடங்கினேன். பத்தாவது வாரம், எழுந்தவுடன் பார்க்கும் உடல்வெப்பம் 36.3-லிருந்து 36.6 டிகிரிக்கு ஏறி அப்படியே நின்றது. கருமுட்டை வெளிவந்ததற்கு அதுதான் அடையாளம். அதிலிருந்து 13-ஆம் நாள் மாதவிடாய்.

எதிர்பாராத விஷயம் இதுதான்: கருமுட்டை முதலில் வந்தது, ரத்தப்போக்கு அதன் பிறகே. ஆகவே பீரியட்ஸ் வராத மாதங்களிலும் கர்ப்பம் தரிக்கலாம். தூக்கம் உதவியதா, சாப்பாடா என்று டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.