சிடிபி சேர்த்தும் நொதி அடங்கவில்லை

ஊட்டியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் முதுகலை மாணவர்களுக்குப் பின்னூட்டத் தடுப்பைக் காட்ட முயன்று, மூன்று வாரமாகத் தவிக்கிறேன்.

பியூரின் பக்கம் கரும்பலகையிலேயே முடிந்தது. ஐஎம்பியிலிருந்து பாதை இரண்டாகப் பிரிகிறது. ஏஎம்பி தன் கிளையையும் ஜிஎம்பி தன் கிளையையும் அடக்குகின்றன. ஏஎம்பி உருவாக ஜிடிபியும், ஜிஎம்பி உருவாக ஏடிபியும் செலவாவதால் இரண்டும் சமநிலையில் நிற்கின்றன.

பிரிமிடின் பக்கம்தான் சிக்கல். ஈ.கோலையிலிருந்து எடுத்த அஸ்பார்ட்டேட் டிரான்ஸ்கார்பமைலேஸைச் சிடிபி தடுக்க வேண்டும். ஆனால் 1 மில்லிமோலார் சிடிபி சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் ஒரே மஞ்சள் நிறம். ஏடிபியும் வேகத்தைக் கூட்டவில்லை.

புதிய சிடிபி வாங்கினேன். அமில காரக் குறியீட்டை 8.3-லிருந்து 7-க்கு இறக்கினேன். குளிரைச் சந்தேகித்து 28 டிகிரி நீர்த்தொட்டியிலும் வைத்தேன். பயனில்லை.

அஸ்பார்ட்டேட் 50 மில்லிமோலார். நொதியைப் பிரிக்கும்போது ஒருமுறை சூடாக்கினேன் (அவசரம்தான் காரணம்).

அஸ்பார்ட்டேட் மிகுதி தடுப்பை மறைக்கிறதா, சூட்டில் நொதியின் ஒழுங்குமுறைத் துணையலகு பிரிந்துவிட்டதா என்பதை எந்தச் சோதனையால் பிரித்தறியலாம்?